உடைந்த ஸ்பிரிண்டுக்கு எந்த ரெட்ரோ: மூன்று பத்தியா, ஐந்து ஏன்களா, காலக்கோடா?

ஸ்பிரிண்ட் நடுவே ஒன்று உடைந்துவிட்டது. ரெட்ரோவில் அதைப் பேசியாக வேண்டும். ஒரு மாத ஸ்பிரிண்டுக்கு அதிகபட்சம் மூன்று மணி நேரம் என்கிறது ஸ்க்ரம் வழிகாட்டி. இரண்டு வார ஸ்பிரிண்ட் ஓட்டும் அணிகள் பெரும்பாலும் அதில் பாதியைத்தான் ஒதுக்குகின்றன. அந்த ஒன்றரை மணி நேரத்தை எந்த முறையில் செலவிட்டால் உண்மையான காரணம் கிடைக்கும், எந்த முறையில் ஒருவர் தலை குனிந்து உட்கார்ந்திருப்பதோடு முடியும் என்பதுதான் கேள்வி.

முறைகளைப் பொதுவாக ஒப்பிட்டால் எல்லாமே நல்லதாகத்தான் தெரியும். அதனால் ஒரே சம்பவத்தை ஒவ்வொரு முறைக்குள்ளும் போட்டுப் பார்ப்போம். சம்பவம் என் கற்பனை. ஆனால் அதில் வரும் தொழில்நுட்பம் அப்படியே உண்மை. போஸ்ட்கிரெஸ் பயன்படுத்தும் அணிகள் பல இந்தப் பள்ளத்தில் விழுந்து எழுந்தவைதான்.

ஏழு பேர் கொண்ட அணி. வாடிக்கையாளர் வாரியாக ஆர்டர்களைத் தேடுவது மெதுவாக இருக்கிறது. ஒரு இன்டெக்ஸ் சேர்த்தால் போதும் என்று முடிவாகி, ஒரு டெவலப்பர் மைக்ரேஷன் எழுதினார். ரிவ்யூ ஆனது, ஸ்டேஜிங்கில் ஓடியது. இரண்டாம் வாரம் செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு டிப்ளாய் செய்தார்கள். உடனே புதிய ஆர்டர்கள் பதிவாவது நின்றுபோனது. பழைய ஆர்டர்கள் திரையில் ஒழுங்காகத் தெரிந்ததால் முதல் சில நிமிடங்கள் யாரும் டேட்டாபேஸைச் சந்தேகிக்கவில்லை. 14 நிமிடம் கழித்து, ஓடிக்கொண்டிருந்த மைக்ரேஷனை ஒருவர் நிறுத்தினார். அந்த இடைவெளியில் விட்டுப்போன ஆர்டர்களைச் சரிசெய்ய இரண்டு பேருக்கு இரண்டு நாள் ஆனது. அதனால் இரண்டு ஸ்டோரிகள் அடுத்த ஸ்பிரிண்டுக்குத் தள்ளிப்போயின.

மைக்ரேஷனில் இருந்த வரி இதுதான்:

```sql
CREATE INDEX idx_orders_customer ON orders (customer_id);
```

இப்படி எழுதினால் இன்டெக்ஸ் கட்டி முடியும் வரை போஸ்ட்கிரெஸ் அந்த அட்டவணையில் எதையும் எழுத விடாது. படிக்க மட்டும் விடும். `CREATE INDEX CONCURRENTLY` என்று எழுதியிருந்தால் எழுதுவதும் தடைபடாது. இது தெரிந்தவர்கள் அணியில் நாலு பேராவது இருந்தார்கள். அதனாலேயே ரெட்ரோவுக்கு முன்பே எல்லார் மனதிலும் ஒரு தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது: ஒரு சொல் விட்டுப்போச்சு, எழுதியவரும் பார்க்கவில்லை, ரிவ்யூ செய்தவரும் பார்க்கவில்லை.

மூன்று பத்திப் பலகை

எது நன்றாகப் போனது, எது போகவில்லை, அடுத்து என்ன செய்யலாம் என்று மூன்று பத்தி போட்டு, ஆளுக்கு ஐந்து நிமிடம் சீட்டு எழுதி ஒட்டுவது. பிறகு புள்ளி வைத்து ஓட்டுப் போட்டு, அதிக ஓட்டு வாங்கிய இரண்டு மூன்றைப் பேசுவது. பெரும்பாலான அணிகளின் வழக்கமான ரெட்ரோ இதுதான்.

நம் சம்பவத்தில் நடுப்பத்தியில் என்ன சீட்டுகள் வரும் என்று ஊகிப்பது கடினமில்லை. "ரிவ்யூ ஆழமாக இல்லை." "டெஸ்டிங் போதவில்லை." "மைக்ரேஷனை அவசரமாகத் தள்ளிவிட்டோம்." எதிலும் யார் பெயரும் இல்லை, ஆனால் எந்தச் சீட்டு யாரைக் குத்துகிறது என்பது அறையில் எல்லாருக்கும் தெரியும். எழுதிய டெவலப்பர் "என் தவறுதான், இனி பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிடுவார். அத்தோடு பேச்சு முடியும். செயல் பட்டியலில் "மைக்ரேஷன் ரிவ்யூவில் கூடுதல் கவனம்" என்று ஒரு வரி ஏறும்.

சீட்டில் எழுதச் சொல்லும்போது நாம் கேட்பது நடந்ததை அல்ல, நடந்ததைப் பற்றிய கருத்தை. "ரிவ்யூ ஆழமாக இல்லை" என்பது ஏற்கெனவே ஒரு முடிவு. ரிவ்யூ செய்தவர் முன் என்ன இருந்தது என்று யாரும் பார்ப்பதற்கு முன்பே அது சுவரில் ஒட்டப்பட்டுவிடுகிறது, அப்புறம் அதற்கு ஓட்டும் விழுகிறது. ஓட்டு எப்போதும் கண்ணுக்குத் தெரிந்ததற்கே விழும். தெரியாமல் கிடக்கும் காரணத்துக்கு ஓட்டுப் போட ஆள் இருக்காது.

அதற்காக இந்தப் பலகையைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. பெரிதாக எதுவும் உடையாத ஸ்பிரிண்டில் சின்னச் சின்ன உராய்வுகளை வெளியே கொண்டுவர இதைவிட எளிதான முறை இல்லை: கூட்டம் நீள்கிறது, டிசைன் தாமதமாக வருகிறது, டிக்கெட்டில் விவரம் போதவில்லை போன்றவை. முன்தயாரிப்பு வேண்டாம், ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். பேசாமல் முதலில் எழுதச் சொல்வதால், குரல் உயர்த்தாதவர்களின் கருத்தும் சுவருக்கு வரும்.

ஐந்து ஏன்கள்

டொயோட்டாவில் பிறந்த முறை. சகிச்சி டொயோடாவின் பெயரால் அறியப்படுகிறது. டாய்ச்சி ஓனோ அதை உற்பத்தி முறையின் அடிப்படையாக்கினார். ஓனோ சொல்லும் உதாரணம் புகழ்பெற்றது. எந்திரம் ஏன் நின்றது? சுமை அதிகமாகி ஃபியூஸ் போனது. சுமை ஏன் கூடியது? பேரிங்கில் எண்ணெய் போதவில்லை. ஏன்? பம்ப் சரியாக இறைக்கவில்லை. ஏன்? அதன் தண்டு தேய்ந்திருந்தது. ஏன்? வடிகட்டி இல்லாமல் உலோகத் துகள் உள்ளே போயிருந்தது. ஃபியூஸை மாற்றி வைத்திருந்தால் மறுபடி போயிருக்கும். வடிகட்டி போட்டால் போகாது.

இந்தச் சங்கிலியில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு பதிலையும் எந்திரத்துக்குப் பக்கத்தில் போய்க் கண்ணால் பார்த்துச் சரிபார்க்கலாம். தண்டு தேய்ந்திருக்கிறதா இல்லையா என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. அடுத்து, சங்கிலியில் எங்கேயும் ஒரு மனிதரின் முடிவு வரவில்லை.

இப்போது நம் சம்பவம். ஆர்டர் ஏன் பதிவாகவில்லை? அட்டவணை பூட்டப்பட்டது. ஏன்? `CONCURRENTLY` இல்லாமல் இன்டெக்ஸ் கட்டப்பட்டது. இதுவரை எந்திரக் கேள்வி. லாகில் பார்த்துச் சரிபார்க்கலாம். மூன்றாவது ஏன் வந்ததும் அறையில் எல்லாருடைய பார்வையும் ஒருவர் பக்கம் திரும்புகிறது. அந்தச் சொல் ஏன் இல்லை? "விட்டுவிட்டேன்" என்கிறார் அவர். ரிவ்யூவில் ஏன் சிக்கவில்லை? "கவனிக்கவில்லை" என்கிறார் மற்றவர். ஏன் கவனிக்கவில்லை? வேலை நெருக்கடி. ஐந்தும் ஆகிவிட்டது. மூலகாரணம்: வேலை நெருக்கடி. அதற்கு யார் என்ன செய்ய முடியும்?

அணி முழுவதும் பார்த்திருக்க "ஏன் இப்படிச் செய்தீர்கள்" என்று கேட்டால் மனிதர் காரணத்தைத் தேடமாட்டார். தற்காப்பைத் தேடுவார், அல்லது சட்டென்று பழியை ஏற்றுக்கொண்டு தப்பிப்பார். இரண்டிலும் தகவல் வராது. இன்னொரு சிக்கல், முறை ஒற்றைக் கோட்டில் போவது. ஸ்டேஜிங்கில் ஏன் தெரியவில்லை, 14 நிமிடம் ஏன் ஆனது என்ற கிளைகளும் அதே அளவு முக்கியம். ஆனால் முதல் கேள்விக்கு வந்த முதல் பதிலைப் பிடித்துக்கொண்டு போனதால் அவை கேட்கப்படவே இல்லை. எட்சி நிறுவனத்தில் பழிபோடாத விசாரணைகளை 2012இல் எழுதிப் பரப்பிய ஜான் ஆல்ஸ்பாவும் பின்னாளில் ஐந்து ஏன்களை இதே காரணத்துக்காகத்தான் விமர்சித்தார். ஏன் என்பதை விட்டு, எப்படி நடந்தது என்று கேட்கச் சொன்னார்.

மீன்முள் படத்தையும் சிலர் சொல்வார்கள். இஷிகாவாவின் படம் ஒற்றைக் கோட்டுப் பிரச்சினையைத் தீர்க்கிறது, கிளைகளைக் காட்டுகிறது. ஆனால் மனிதர், எந்திரம், பொருள், முறை என்று தொழிற்சாலைக்காக வகுத்த முட்களை அப்படியே வரைந்தால், "மனிதர்" என்று தலைப்பிட்ட முள்ளை நிரப்ப அணி கூச்சமில்லாமல் கிளம்பிவிடும். இந்த வேலைக்கு நான் அதை எடுக்கமாட்டேன்.

காலக்கோடு

இதில் காரணத்தைக் கேட்பதே இல்லை. குறைந்தது முதல் அரை மணி நேரத்துக்கு. நடந்தவற்றை நேர வரிசையில் அடுக்குவதுதான் வேலை. அதில் பாதியை ரெட்ரோவுக்கு முன்பே நடத்துபவர் செய்துவிட வேண்டும்: கமிட்கள், பில்ட் முடிவுகள், ரிவ்யூ கேட்ட நேரமும் ஒப்புதல் வந்த நேரமும், டிப்ளாய் லாக், அணியின் சாட்டில் வந்த செய்திகள். கமிட்களை எடுக்க இப்படி ஒரு வரி போதும்:

```
git log --reverse --date=iso --pretty=format:'%ad  %s' -- migrations/
```

எழுதியவர் பெயரைத் தரும் `%an` இதில் வேண்டுமென்றே விடப்பட்டிருக்கிறது. சுவரில் முதலில் நிகழ்வுகள் ஏறட்டும்.

ஒரு எச்சரிக்கை. அணி ஸ்குவாஷ் மெர்ஜ் பயன்படுத்தினால் மெயின் கிளையில் ஒரே ஒரு கமிட்தான் மிஞ்சும். நடுவில் நடந்தது எல்லாம் அங்கே இருக்காது. புல் ரிக்வெஸ்ட் பக்கத்திலோ பழைய கிளையிலோ போய்ப் பார்க்க வேண்டும். பில்ட் லாகுகளும் சில வாரங்களில் அழிக்கப்படலாம். ஆகவே சம்பவம் நடந்த அன்றே எடுத்து வைப்பது நல்லது. நம் கதையில் எல்லாமே இந்த இடத்தில்தான் திரும்புகிறது.

புல் ரிக்வெஸ்ட் பக்கத்தில் மூன்று கமிட்கள் இருந்தன. முதல் வாரம் புதன் மாலை 4:40க்கு வந்த முதல் கமிட்டில் `CONCURRENTLY` இருந்தது. நாலு நிமிடத்தில் பில்ட் சிவப்பானது. காரணமாக வந்த வரி:

```
ERROR:  CREATE INDEX CONCURRENTLY cannot run inside a transaction block
```

5:10க்கு "fix migration" என்ற பெயரில் இரண்டாவது கமிட். அதில் அந்தச் சொல் நீக்கப்பட்டிருந்தது. பில்ட் பச்சை. மூன்றாவது, கோட் ஃபார்மேட்டிங் மட்டும்.

ஆக, சொல் விட்டுப்போகவில்லை. அவர் எழுதினார், கருவி அதை நிராகரித்தது, அவர் நீக்கினார். ரெட்ரோவுக்கு முன் எல்லாருக்கும் தெரிந்திருந்த "உண்மை" தவறு. அவரே "விட்டுவிட்டேன்" என்று ஏன் சொன்னார் என்றால், ஒன்பது பத்து நாள் கழித்து அவருக்கே அது ஞாபகம் இல்லை. முடிவு தெரிந்த பிறகு நடந்ததை நினைத்துப் பார்த்தால், அந்த முடிவு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டிய ஒன்றாகத் தோன்றும் என்பதைப் பாரூக் ஃபிஷ்காஃப் 1975இலேயே சோதனைகளில் காட்டினார். ரெட்ரோவில் ஞாபகத்தை மட்டும் நம்பினால் கிடைப்பது அந்த வகை ஞாபகம்தான்.

இங்கிருந்து கேள்விகள் மாறுகின்றன. அந்த நேரத்தில் திரையில் என்ன தெரிந்தது? எந்த வழிகள் கையில் இருந்தன? சரியாகிவிட்டது என்று எதை வைத்து நினைத்தீர்கள்? டெவலப்பர் இப்போது தற்காப்பு இல்லாமல் பேசுகிறார். மைக்ரேஷன் கருவி ஒவ்வொரு கோப்பையும் தானாகவே ஒரு டிரான்ஸாக்ஷனுக்குள் வைக்கிறது. அதை அந்தக் கோப்புக்கு மட்டும் அணைக்க ஒரு அமைப்பு உண்டு என்பது அவருக்குத் தெரியாது. பிழைச் செய்தி "இங்கே ஓடாது" என்கிறதே தவிர அந்த வழியைச் சொல்லவில்லை. சொல்லை நீக்கியதும் பில்டில் மைக்ரேஷன் ஒரு நொடிக்குள் முடிந்தது. ஸ்டேஜிங்கிலும் அப்படித்தான், ஏனென்றால் அங்கே அந்த அட்டவணையில் இரண்டாயிரம் வரிகள். புரொடக்ஷனில் நாலு கோடி. அவர் பார்த்த ஒவ்வொரு அடையாளமும் "சரி, போ" என்றே சொன்னது.

ரிவ்யூ செய்தவருக்குத் திரையில் தெரிந்தது இறுதி வித்தியாசம் மட்டும். ஒரு சொல் வந்து போனதற்கான சுவடு அதில் இல்லை. இல்லாத சொல்லை அவர் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்றுதான் "ரிவ்யூ ஆழமாக இல்லை" என்ற சீட்டு சொன்னது.

சாட்டைப் புரட்டியபோது இன்னொன்றும் கிடைத்தது. இரண்டு மாதம் முன்பு அதே அணியில் வேறொருவர் இதே பிழையை ஒட்டி "இதை எப்படித் தாண்டுவது" என்று கேட்டிருந்தார். யாரோ பதிலும் சொல்லியிருந்தார். அது அந்த உரையாடலோடு புதைந்துபோனது. அந்த இருக்கையில் வேறு யார் இருந்திருந்தாலும் இதே சுவரில்தான் முட்டியிருப்பார் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

கடைசியில் பிறந்த செயல்கள் இரண்டு. மைக்ரேஷன் கோப்பில் `CONCURRENTLY` இல்லாத `CREATE INDEX` வந்தால் பில்ட் நிற்க வேண்டும். நிற்கும்போது டிரான்ஸாக்ஷனை அணைக்கும் வழியையும் அதே செய்தியில் காட்ட வேண்டும். இதற்கென்று `squawk` போன்ற லின்டர்கள் இருக்கின்றன, சொந்தமாகப் பத்து வரியில் எழுதினாலும் ஆகும். இரண்டாவது, சாதாரண மைக்ரேஷன்களுக்குச் சில நொடி `statement_timeout`. முதலில் ஒருவர் `lock_timeout` வைக்கலாம் என்றார். அது பூட்டுக்காகக் காத்திருக்கும் நேரத்தைத்தான் கட்டுப்படுத்தும், கிடைத்த பூட்டை எவ்வளவு நேரம் வைத்திருக்கிறோம் என்பதை அல்ல. இந்தச் சம்பவத்தை அது தடுத்திருக்காது. காலக்கோடு சுவரில் இருந்ததால், முன்மொழிந்த ஒவ்வொரு தீர்வையும் செவ்வாய் 11 மணி வரியில் வைத்து "இது இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்" என்று உடனே சோதிக்க முடிந்தது. "கூடுதல் கவனம்" அந்தச் சோதனையில் தேறாது.

விலையும் வரம்பும்

காலக்கோட்டுக்கு விலை உண்டு. நடத்துபவருக்கு ஒரு மணி நேரம் போல முன்தயாரிப்பு, ரெட்ரோவில் முழு ஒன்றரை மணி நேரமும் ஒரே ஒரு சம்பவத்துக்கு. அந்த ஸ்பிரிண்டில் வேறு எதையும் பேச முடியாது. ஒவ்வொரு இரண்டு வாரமும் இதைச் செய்தால் அணி சலித்துப்போகும், அடுக்குவதற்குப் பெரிய நிகழ்வும் இருக்காது.

பெயரை எடுப்பதிலும் அளவு உண்டு. பழி வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு எல்லாவற்றையும் "நீக்கப்பட்டது", "ஒப்புதல் தரப்பட்டது" என்று ஆளில்லாமல் எழுதினால், யாரிடம் கேட்டால் விவரம் கிடைக்குமோ அவரையே மறைத்துவிடுகிறோம். சுவரில் பெயர் வேண்டாம். ஆனால் "அதை நான்தான் நீக்கினேன், அப்போது இப்படித் தோன்றியது" என்று அவர் தானாகச் சொல்லும் இடம் வேண்டும். அந்தக் கதையை முழுதாகச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

அவர் வாயைத் திறப்பாரா என்பது முறையைப் பொறுத்ததல்ல. ஒவ்வொருவரும் அன்று தெரிந்ததையும் கையில் இருந்ததையும் வைத்துத் தன்னால் முடிந்ததைத்தான் செய்தார் என்ற பொருளில் நார்மன் கெர்த் 2001இல் எழுதிய வாசகத்தைப் பல அணிகள் கூட்டத் தொடக்கத்தில் படிக்கின்றன. படிக்கலாம், தவறில்லை. ஆனால் சம்பள உயர்வைத் தீர்மானிக்கும் மேலாளர் அதே அறையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தால் அந்த வாசகத்தை யாரும் நம்பமாட்டார்கள். அந்த மேலாளரை வெளியே வைக்க முடியாவிட்டால், ஆவணங்களை மட்டும் வைத்துக் காலக்கோட்டைக் கட்டி, மனிதர்களிடம் கேட்கும் பகுதியைத் தனித்தனியாக முன்பே பேசி முடித்துவிடுவேன்.

சரி, எதை எடுப்பது? பெரிதாக எதுவும் உடையாத ஸ்பிரிண்டில் மூன்று பத்திப் பலகையே போதும். ஒரே ஒரு மாற்றம் செய்வேன்: நடுப்பத்தியில் கருத்துக்குப் பதில் நாள் குறித்த நிகழ்வு மட்டும். "டெஸ்டிங் போதவில்லை" என்ற சீட்டை ஏற்கமாட்டேன். "வியாழன் மதியம் மூன்று டிக்கெட்டுகள் ஒரே நேரத்தில் டெஸ்டிங்குக்கு வந்தன" என்பதை ஏற்பேன். ஒரு சம்பவம் ஸ்பிரிண்டையே விழுங்கியிருந்தால் காலக்கோடு. ஐந்து ஏன்களைத் தனி ரெட்ரோவாக நடத்தமாட்டேன். காலக்கோட்டில் பூட்டு, லாக், கருவி என்று எந்திரம் சம்பந்தப்பட்ட இடங்களில் மட்டும் கேட்பேன், பதில் ஒரு மனிதரின் முடிவைத் தொட்டதும் நிறுத்திவிடுவேன்.

ஒவ்வொரு ஸ்பிரிண்டிலும் இரண்டு ஸ்டோரிகள் தள்ளிப்போகின்றன, குறிப்பிட்டு ஒன்றும் உடையவில்லை என்றால் மூன்றுமே கைகொடுக்காது. அப்போது ஒரு சம்பவத்தின் காலக்கோட்டுக்குப் பதில், கடந்த மூன்று ஸ்பிரிண்டுகளில் தள்ளிப்போன டிக்கெட்டுகள் எந்த நிலையில் எத்தனை நாள் கிடந்தன என்பதை வரிசைப்படுத்திப் பார்ப்பேன். எல்லா டிக்கெட்டும் "ரிவ்யூவுக்குக் காத்திருக்கிறது" என்ற நிலையில்தான் தங்கியிருக்கிறது என்று தெரிந்தால், அடுத்த ரெட்ரோவில் யார் மெதுவாக எழுதுகிறார் என்ற பேச்சுக்கே வேலை இருக்காது. ஒரே நேரத்தில் எத்தனை டிக்கெட்டுகளைத் திறந்து வைக்கலாம் என்ற பேச்சு அங்கே தொடங்கும்.